வாயைப் பொத்தியிருந்த நேரம்

காலையில் அவசரமாக விழுங்கிய முட்டை ரொட்டி தொண்டைக்குழி வரை ஏறி வந்தது. மருந்துக்கடைக் கணக்குப்பிள்ளை அதை மறுபடி விழுங்கினாள். புளித்துக் கசந்தது. கணக்கியல் தேர்வில் கடைசிக் கேள்வி பாக்கி. அதை எழுதாவிட்டால் தேற முடியாது. மாலை வகுப்பில் இன்னொரு வருடம் குப்பை கொட்ட வேண்டும்.

கையைத் தூக்கலாம்தான். ஆனால் அண்ணன் சொல்லி அனுப்பியிருந்தான்: "செத்தாலும் சீட்டை விட்டு எழுந்திரிக்காத. கடிகாரம் உனக்காக நிக்காது." எந்தத் தேர்வையும் முழுசாக எழுதாத அண்ணன்.

வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தாள். முன்னால் இருந்தவனின் சட்டைக் காலரில் பொடுகு உதிர்ந்து கிடந்தது. கண்ணை விடைத்தாளுக்குத் திருப்பினாள். எண்கள் புழுப்போல நெளிந்தன. எத்தனை நேரம் அப்படி இருந்தாளோ, கடைசியில் விரலிடுக்கு வழியாகவே வெளியேறி விடைத்தாளிலும் மடியிலும் கொட்டியது.

"ஐயே, என் செருப்பு" என்றாள் பக்கத்து வரிசைக்காரி.

கண்காணிப்பாளர் அம்மா முதலில் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்துக் குறித்துக்கொண்டார். பிறகுதான் மூக்கைச் சுளித்தார். "எல்லாத்தையும் மேசையிலேயே வெச்சுட்டு வாங்க. யார்கிட்டயும் பேசாதீங்க."

கழுவுதொட்டியில் யாருடைய தலைமுடியோ சுருண்டு ஒட்டியிருந்தது. அதன்மேல் தன் வாந்தியும் விழுவதைப் பார்க்கப் பிடிக்காமல் கண்ணை மூடிக்கொண்டாள். கதவருகே கண்காணிப்பாளர் நின்றார்.

"நேரம் போச்சாக்கா?"

"வெளிய வந்த நேரத்தை எழுதிட்டேன், உள்ள போற நேரத்தையும் எழுதுவேன். தலைமைக் கண்காணிப்பாளர் ஒத்துக்கிட்டா கடைசியில சேர்த்துத் தருவார்."

"உள்ள வாயைப் பொத்திக்கிட்டு இருந்த நேரம்?"

"நீங்க சொல்லவே இல்லையேம்மா. அதை எந்தக் கணக்குல சேர்க்கிறது?"

தன்மேல் அவளுக்கு வந்த அருவருப்பு வாந்தியைவிட மோசமாக நாறியது.

தலைமைக் கண்காணிப்பாளர் கைக்குட்டைக்குள்ளிருந்து பேசினார். "எழுத முடியுமா? முடிஞ்சா வெளிய இருந்த நேரத்தைத் தர்றேன். கதவுகிட்ட உக்காருங்க, புதுத் தாள் வாங்கிக்கங்க." பழைய விடைத்தாள் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் உறைக்குள் இருந்தது.

"இதையுமா சார் அனுப்புவீங்க?"

"தூக்கிப்போட எனக்கு உரிமை இல்லம்மா. என்ன நடந்துச்சுன்னு ஒரு அறிக்கையோட போகும். திருத்துறவர் பாடு."

மணி அடித்ததும் மற்றவர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு வெளியேறினார்கள். அவள் மட்டும் பினாயில் வாடையில் குனிந்து எழுதினாள். கேள்வியில் பாதி தாண்டியபோது தொண்டைக்குழி மறுபடி நிறைந்தது. விழுங்கப் போனவள் நிறுத்தினாள். ஒரு கையால் வாயைப் பொத்தி, மறு கையை உயரத் தூக்கினாள்.

கண்காணிப்பாளர் அம்மா கடிகாரத்தைப் பார்த்து எழுதிக்கொண்டு, குப்பைக்கூடையோடு ஓடி வந்தார்.