மதில், தொட்டி முதலியன

இன்சூரன்ஸ் சர்வேயர் வருவதற்குள் நான் மூன்று முறை மொட்டை மாடிக்கு ஏறி இறங்கிவிட்டேன். ஒவ்வொரு முறையும் அங்கே அதேதான் கிடந்தது. ஆறு சோலார் பேனல்களில் இரண்டு மட்டும் தங்கள் இடத்தில் இருந்தன. இரண்டு தரையில் நொறுங்கிக் கிடந்தன. ஒன்று பறந்து தண்ணீர்த் தொட்டியின் வயிற்றைக் கிழித்திருந்தது. கடைசி ஒன்று சட்டத்தோடு கீழே போய், மதிலைப் பத்தடி நீளத்துக்கு இடித்துத் தள்ளியிருந்தது.

"எத்தனை தடவ எண்ணுவ? குட்டி போடவா போகுது?" என்றாள் அண்ணி படியில் நின்று.

நான் சிரித்தேன். சரியாக வரவில்லை.

புயல் போய் நான்கு நாள் ஆகிறது. சர்வேயர் பார்க்கும்வரை ஒரு துண்டுகூட நகர்த்தக் கூடாது என்று நான்தான் சொல்லியிருந்தேன். அண்ணி நான்கு நாளாகக் கண்ணாடிச் சில்லுகளைத் தாண்டித் தாண்டித் துணி காயப்போடுகிறாள். முன்னறையில் ஐந்து தையல் மெஷின்கள். பள்ளி திறக்க இருபது நாள் இருக்கிறது. முந்நூறு சீருடை பாக்கி. இந்தத் தெருவில் பகலில் கரெண்ட் வருவதும் போவதுமாக இருக்கும். பேனல் போட்ட பிறகுதான் அவளால் பெரிய ஆர்டர் எடுக்க முடிந்தது.

இந்த வீட்டுக்குப் பாலிசி போட்டுக் கொடுத்த ஏஜெண்ட், அண்ணனின் தங்கை நான்தான். அண்ணன் என் பெயரையே மறந்துவிட்டு 'பாலிசி' என்றுதான் கூப்பிடுவான். அண்ணிக்கும் அது ஒட்டிக்கொண்டது.

என் போனில் ஒரு செய்தி இருக்கிறது. போன வருடம் அண்ணி அனுப்பியது. பளபளக்கும் ஆறு பேனல்களின் படம். கீழே, 'போட்டாச்சு. பாலிசில சேத்துடு.' அதற்குக் கீழே பதிலாக நான் போட்ட கட்டைவிரல் படம். கம்பெனிக்கு ஒரு திருத்தக் கடிதம் எழுதியிருக்க வேண்டும். அரைப் பக்கம். அன்று மாதக் கடைசி, பிறகு எழுதலாம் என்று வைத்தேன். ஐந்து வருடப் பாலிசி என்பதால் புதுப்பிக்கும்போது நினைவுக்கு வரவும் வழியில்லை. புயல் அடித்த இரவில்தான் வந்தது.

அண்ணியிடம் இன்னும் சொல்லவில்லை.

சர்வேயர் பைக்கை நிறுத்தி, ஹெல்மெட்டைக் கழற்றாமலே மதிலைப் பார்த்தார். ஐம்பது வயது இருக்கும். அளவு நாடாவின் ஒரு நுனியை என்னிடம் கொடுத்தார். மதிலை அளந்தோம். மாடியில் பேனல் சட்டங்களின் போல்ட்டை ஒவ்வொன்றாகத் திருகிப் பார்த்தார்.

"துரு இல்ல. சரியாத்தான் மாட்டியிருக்காங்க. இது காத்து பண்ண வேலைதான்," என்றார்.

அண்ணியின் முகம் மலர்ந்தது. 

கீழே வந்து, வெட்டும் மேசையின் துணிகளை ஒதுக்கிவிட்டு அவர் பாலிசியை விரித்தார்.

"வீட்டு இன்சூரன்ஸ்னா இதெல்லாம் தானா வந்துடும் இல்ல சார்?" என்றாள் அண்ணி.

"எல்லாம் தானா வராதும்மா. வீட்டோட மதிப்ப தரை அளவ வச்சுப் போடறாங்க. மதிலுக்கு ஏது தரை அளவு? மாடில இருக்கற தொட்டிக்கு, பேனலுக்கு ஏது? இந்தப் பாலிசில அதெல்லாம் கூடுதல் கட்டமைப்பு. சேக்கலாம், தடையில்ல. ஆனா என்னென்னன்னு சொல்லி, மதிப்பத் தனியா எழுதியிருக்கணும்."

விரல் அந்த வரியில் வந்து நின்றது. அதை எழுதியது என் கை. 'மதில், தண்ணீர்த் தொட்டி முதலியன.' பக்கத்தில் ஒரே தொகை. கேட் ஒன்று இருந்தது, வெளியே கை கழுவும் மேடை ஒன்று இருந்தது. அவற்றைத் தனித்தனியாக எழுதச் சோம்பல். தொகையையும் தாராளமாகவே போட்டிருந்தேன். மதிலும் தொட்டியும் போக, பேனலையும் அது தாங்கும். நான்கு நாளாக எனக்கு அது மனப்பாடம்.

"இந்த 'முதலியன'ல எதெல்லாம் வருது?" என்றார்.

"பேனலும்தான் சார். நான் அன்னைக்கே சொல்லிட்டேனே," என்றாள் அண்ணி.

"அன்னைக்கேன்னா? பாலிசி எடுக்கறப்பவே பேனல் இருந்துச்சா?"

"அதெல்லாம் பாலிசிக்குத்தான் தெரியும்."

"பாலிசிக்கா?"

"இவதான் சார்." அண்ணி என்னைப் பார்த்தாள். "எப்ப போட்டோம்? முன்னாடியா, பின்னாடியா?"

அவளுக்கு நிஜமாகவே நினைவில்லை. சர்வேயர் பேனாவைத் திறந்து வைத்திருந்தார். ஒரு சொல் போதும். 'முன்னாடி.' அண்ணிக்குப் பேனல் கிடைக்கும், சீருடை முடியும், என் கட்டைவிரலை யாரும் பார்க்க மாட்டார்கள். வெளியே யாரோ சைக்கிளில் மணி அடித்துக்கொண்டு போனார்கள். நான் மேசையில் கிடந்த ஊசியை எடுத்தேன், வைத்தேன், மறுபடி எடுத்தேன்.

"பின்னாடி," என்றேன். "பாலிசி எடுத்து ஒரு வருஷம் கழிச்சு. அண்ணி எங்கிட்ட சொன்னாங்க. நான் கம்பெனிக்கு எழுதல."

போனைத் திறந்து மேசையில் வைத்தேன். அவர் படித்தார். அண்ணியும் குனிந்து படித்தாள்.

"அப்ப இந்தக் கட்டைவிரலுக்கு என்ன அர்த்தம்?" என்றாள்.

"சரின்னு அர்த்தம்."

"எனக்கும் அப்படித்தான் தோணுச்சு." எழுந்து போய் ஒரு மெஷினில் உட்கார்ந்தாள். காலை வைத்தாள். ஓடவில்லை. கரெண்ட் இல்லை.

சர்வேயர் கண்ணாடியைத் துடைத்தார். "மதிலும் தொட்டியும் பேர் சொல்லி இருக்கு. பேனல் வந்து இடிச்சாலும், காத்தே இடிச்சாலும் காரணம் புயல்தான். அது ரெண்டுக்கும் தொந்தரவு இருக்காது. பேனலப் பத்தி முடிவு பண்ற ஆள் நானில்ல, கம்பெனி. 'முதலியன' எழுதின அன்னைக்கு இல்லாத பொருள அதுக்குள்ள நான் தள்ள முடியாது. ஆனா கம்பெனியோட ஏஜெண்ட்டுகிட்ட இவங்க எழுத்துல சொல்லியிருக்காங்க. அத நீங்களே கடிதமா எழுதி, இந்தச் செய்தியையும் இணைச்சு, நான் ரிப்போர்ட் கொடுக்கறதுக்குள்ள அனுப்புங்க. படிக்காமத் தள்ளிட முடியாது."

"கொடுத்துடுவாங்களா சார்?" என்றாள் அண்ணி திரும்பாமல்.

"தெரியாதும்மா. மறுத்தா நீங்க புகார் பண்ணலாம், அப்பவும் இந்தக் கடிதம்தான் கைகொடுக்கும்." என்னைப் பார்த்தார். "உங்களுக்கு விளக்கம் கேட்டு நோட்டீஸ் வரும். தெரியும்ல?"

தலையாட்டினேன்.

பைக் சத்தம் தெருமுனையில் தேய்ந்தது. அண்ணி மெஷினை விட்டு எழவில்லை.

"கட்டைவிரல் ஆட்டத் தெரிஞ்ச உனக்கு அரைப் பக்கம் எழுதத் தெரியல."

"ஆமாம் அண்ணி."

"'முன்னாடி'ன்னு சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லியிருக்கலாம்."

 அவள் நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்து என் எதிரே போட்டாள். கணக்கு நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து என் முன்னால் வைத்தாள்.

"எழுது. நான் பாக்கறேன்."

தேதி எழுதினேன். செய்தி வந்த நாள், நான் பதில் போட்ட நாள், எழுதத் தவறியது என் பிழை என்பது. அண்ணி தலைகீழாகவே ஒவ்வொரு வரியையும் படித்தாள். 'ஆறு சோலார் பேனல்கள்' என்று எழுதிவிட்டு என் கை பழக்கத்தில் 'மு' போட்டது.

அவள் விரல் தாளில் வந்து விழுந்தது.

"அடி அத. சட்டம், ஒயர், இன்வெர்ட்டர். ஒவ்வொண்ணா எழுது."

அடித்துவிட்டு, ஒவ்வொன்றாக எழுதினேன்.