சரிபார்த்தவர்: தனுஷியா

பொறாமைதான், மறைக்க என்ன இருக்கிறது? பதினொரு வருடமாகப் பாமன்கடையிலிருந்து பஸ் ஏறி வந்து, இந்தக் கொட்டாஞ்சேனைக் கம்பனியின் கணக்குப் பிரிவில் மாடாய் உழைத்தவள் நான். நிதி முகாமையாளர் ஓய்வுபெறப் போகிறார். அந்தக் கதிரை எனக்குத்தான் என்றிருந்தேன். நேற்று வந்த ஹபீஸ் சிரித்துச் சிரித்தே தலைவரைக் கைக்குள் போட்டுக்கொண்டான்.

கம்பனியிடம் மேலதிகமாக இருந்த 1,200 மில்லியன் ரூபாயைப் பங்குதாரருக்கு எப்படிக் கொடுப்பது? பணிப்பாளர் சபைக்கு அந்த அறிக்கையை எழுதும் வேலையும் அவனுக்கே போனது. பங்கொன்றுக்கு 12 ரூபாய் டிவிடென்ட் கொடுக்கலாம். அல்லது சந்தை விலையான 120 ரூபாய்க்குப் பத்தில் ஒரு பங்கைத் திருப்பி வாங்கி ரத்துச் செய்யலாம். எங்கள் கம்பனியில் எந்த அறிக்கைக்கும் இரண்டு கையெழுத்து வேண்டும், தயாரித்தவர், சரிபார்த்தவர் என்று. சரிபார்ப்பது நான்.

இலாபம் 800 மில்லியன், பங்குகள் நூறு மில்லியன், பங்கொன்றின் உழைப்பு, அதாவது ஒரு பங்குக்கு விழும் இலாபம், 8 ரூபாய். திருப்பி வாங்கினால் பங்குகள் தொண்ணூறு மில்லியன், உழைப்பு 8.89, இப்போது போலவே அதன் பதினைந்து மடங்காக விலை 133 என்று எழுதியிருந்தான். பார்த்தவுடனேயே பிழை தெரிந்தது. அந்தக் காசு வங்கியில் கிடந்து, வரி போக 84 மில்லியன் வட்டி தருகிறது. காசு போனால் இலாபம் 716 மில்லியன்தான். தொண்ணூறால் பிரித்தால் 7.96. உழைப்பு கூடவில்லை, குறைகிறது.

சபையில் வைத்து மூக்குடைபடட்டும் என்று, வாய் திறக்காமல் கையெழுத்து வைத்தேன்.

சபைக் கூட்டத்துக்கு எங்கள் இருவரையும் கூப்பிட்டிருந்தார்கள். முன்பு வங்கியில் வேலை பார்த்த பணிப்பாளர் பொன்னம்பலம் கண்ணாடியைக் கழற்றினார்.

"தம்பி, காசு போனா வட்டியும் போகுமே. அதை எங்க கழிச்சனீர்?"

ஹபீஸின் முகம் வெளிறியது. எனக்கு நெஞ்சு குளிர்ந்தது.

"133 எங்கால வரும்? 12,000 மில்லியன் பெறுமதியில 1,200 போனா, மிச்சத்தைத் தொண்ணூறால பிரிக்க அதே 120தான். டிவிடென்ட் எண்டா விலை 108க்கு இறங்கும், பங்குக்காரரிட்ட 12 ரூபா கையில இருக்கும். ரெண்டும் ஒண்டுதான்." அவர் கடைசிப் பக்கத்தைப் புரட்டினார். "இதைச் சரிபார்த்தது ஆர்?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். கண்டேன் என்றால் கெட்டவள், காணவில்லை என்றால் மடைச்சி.

"என்ட பிழை சேர்," என்றான் ஹபீஸ். "அக்காவை வாசிக்க விடாம, நான்தான் அவசரப்படுத்தி சைன் எடுத்தது."

பச்சைப் பொய். அறிக்கை இரண்டு நாள் என் மேசையில் கிடந்தது.

"பிழையை ஒத்துக்கொள்ளுற ஆள்தான் எங்களுக்கு வேணும்," என்றார் பொன்னம்பலம். தலைவர் தலையாட்டினார். கதிரை போனது எனக்கு விளங்கிவிட்டது.

வெளியே வந்ததும் ஹபீஸ் மெதுவாகக் கேட்டான்.

"அக்கா, நீங்க அதப் பாக்கல்லதானே?"

"ஓம், பாக்கேல்லை," என்றேன்.

அவன் அதை நம்பினான். அதைத்தான் இன்றுவரை என்னால் பொறுக்க முடியவில்லை.