கறுப்புத் திரையில் தெரிந்த நாற்காலி

எஸ்டேட் ஆபீஸில் என் கம்ப்யூட்டர் திரையில் டியூப்லைட் வெள்ளைக் கோடாக விழுந்து எழுத்தை மறைத்தது. தலைவலிதான் மிச்சம். எலக்ட்ரீசியன் அன்பழகன் திரையை அணைக்கச் சொன்னார்.

"இப்ப அது கண்ணாடிங்க. அதுல எந்த லைட் தெரியுதோ, அதுதானுங்க தொல்லை."

என் முதுகுக்குப் பின்னால் இருந்த டியூப் தெரிந்தது. அதன் கீழே, என்னோடு வேலை பார்த்த அருக்காணியக்காவின் காலி நாற்காலி. பதினோரு மணி டீ நேரத்தில் அக்கா அங்கிருந்து டம்ளரைத் தூக்கிக் காட்டி என்னைக் கூப்பிடுவதைத் திரையில்தான் பார்ப்பேன். போன மாசம் ரிட்டயராகி அடிவாரத்துக்குப் போய்விட்டார்.

அன்பழகன் டியூபை என் மேசைக்குப் பக்கவாட்டில், நான் பார்க்கும் திசையிலேயே நீளமாக மாட்டி, பால்நிற மூடி போட்டார். எழுத்தெல்லாம் பளிச்சென்று தெரிந்தது.

"நொம்ப நல்லாருக்குங்க," என்றேன்.

பதினோரு மணிக்குத் திரையை அணைத்துப் பார்த்தேன். டியூப் இல்லை. நாற்காலி இருந்த பக்கம் இருட்டு. என் முகம் மட்டும் இருந்தது.