பச்சைச் சுவர்

அக்காவின் சாப்பாட்டுக் கடைச் சுவருக்குப் பச்சை நிறம் தேர்ந்தெடுத்தது அத்தான்தான். நண்பகலில் வாசலில் நின்று, பெயிண்ட் கடையில் தந்த விரலகல நிறச் சீட்டைப் பார்த்து, “கண்ணுக்குக் குளிர்ச்சியா இருக்கும்” என்றார். கண் கூசக் கூடாதென்று விளக்குகளை எல்லாம் சுவரைப் பார்த்துத் திருப்பியும் வைத்தார்.

எங்களுக்குப் பொழுது சாய்ந்துதான் கூட்டம். பூசி முடித்த அன்று மாலை விளக்கைப் போட்டதும் எனக்குக் குமட்டியது. ஒளி சுவரில் பட்டுத் திரும்பி, பச்சையாகத் தட்டுகளில் இறங்கியது. இறைச்சி சாக்கடைக் கல்லின் நிறத்தில் கிடந்தது. முட்டையின் மஞ்சள் கருவைப் பார்த்தால் சீழ் ஞாபகம் வந்தது. ரொட்டிக்குப் பூசணம் பிடித்தாற்போல் ஒரு சாயல்.

எப்போதும் இரண்டாம் முறை கேட்டு வாங்கும் லாரிக்காரர் தட்டைத் தள்ளினார். “என்னம்மா, நேத்து மிஞ்சினதா?”

அக்கா மோந்து பார்த்தாள், தின்று பார்த்தாள், ருசியில் குறை தெரியவில்லை. இருந்தாலும் சட்டியோடு கொட்டினாள். மறுநாளும் பாதித் தட்டுகள் அப்படியே திரும்பின.

“என் கைப்பக்குவம் போச்சுடி. கடையை மூடிடலாம்” என்றாள் அக்கா.

“சமையல்ல கவனம் இல்ல, அதான்” என்று அத்தான் பல்லைக் குத்திக்கொண்டே சொன்னார்.

அக்கா சமைத்ததில் ஒரு கரண்டி எடுத்து, பச்சை பூசாத அடுப்படியின் விளக்கடியில் பார்த்தேன். சிவந்து, எண்ணெய் மினுங்க, நன்றாகத்தான் இருந்தது. குறை சுவரில்தான் என்று பெயிண்டரிடம் ஓடி, பெரிய அட்டைகளில் வேறு நிறங்கள் பூசித் தரச் சொன்னேன்.

“இவ்வளவு பெரிய அட்டையா? வீடு கட்டப்போறியாம்மா?”

“சின்னதா பாத்துத்தாண்ணே கெட்டுச்சு.”

அவர் மூன்று அட்டைகளுக்கு நிறம் பூசித் தந்தார். இருட்டியதும் விளக்குக்கு எதிரே ஒவ்வொன்றாகப் பிடித்தேன். வெள்ளையில் சாப்பாடு சாப்பாடாக இருந்தது, ஆனால் அறை ஆஸ்பத்திரி ஆனது. அடர்சிவப்பில் எல்லாமே கசாப்புக்கடை. வெளிறிய செங்கல் நிறத்தில் இறைச்சி பளபளத்தது; ரொட்டி இப்போதுதான் அடுப்பிலிருந்து இறங்கியதுபோல் இருந்தது.

“பச்சையில ஒரு குறையும் இல்ல” என்றார் அத்தான்.

அக்கா இரண்டு தட்டில் பரிமாறி, ஒன்றைப் பச்சைச் சுவரோரம், ஒன்றைச் செங்கல் நிற அட்டையோரம் வைத்தாள். அத்தான் பச்சைச் சுவரோரத் தட்டைப் பார்த்து மூக்கைச் சுளித்தார், மற்றதை இழுத்துக்கொண்டார்.

“ரெண்டும் ஒரே சட்டிங்க” என்றாள் அக்கா.

சுவர் செங்கல் நிறமானது. லாரிக்காரர் இரண்டாம் முறை இறைச்சி கேட்டார். அத்தான் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, உதட்டில் எண்ணெய் வழிய, “கலர் பாக்க ஒரு கண்ணு வேணும் சார். நான்தான் மாத்தச் சொன்னேன்” என்றார். அதைப் பார்க்க அருவருப்பாக இருந்தது.

அக்கா கேட்டுக்கொண்டே வந்தாள். கரண்டியைச் சட்டிக்குள் விட்டுத் துழாவி, அத்தான் தட்டில் எலும்பாகப் பார்த்துப் போட்டாள்.