நாலாவது மூலை

வைஷாலிக்கு முதல் ஐந்து நிமிடத்தின் மேல் அப்படியொரு பக்தி. பட்டறை எதைப் பற்றியதானாலும் சரி, வந்தவர்கள் முதல் ஐந்து நிமிடத்துக்குள் எழுந்து நடமாடி வாயைத் திறந்துவிட வேண்டும். இல்லையென்றால் மீதி நேரமெல்லாம் நடத்துகிறவர் சுவரோடு பேசிவிட்டுப் போக வேண்டியதுதான் என்பாள். நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரில், எல்லர்ஸ்லி பகுதியில் ஓர் அலுவலகத்தில் ஊழியர்களுக்குப் பயிற்சி கொடுப்பது அவள் வேலை. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வருகிற மேனேஜர்களைக்கூடச் சிரிக்க வைத்துவிடுவாள் என்று அங்கே அவளுக்குப் பெயர்.

அதைக் கேள்விப்பட்டுத்தான் மாலினி அக்கா அவளைப் பிடித்தார். மாலினி யாழ்ப்பாணத்துக்காரர், ஒரு மருத்துவமனையில் ஆள் எடுக்கும் பிரிவில் இருப்பவர். ஆக்லாந்துக்குப் புதிதாக வந்து வேலை தேடும் தமிழர்களுக்காக மவுண்ட் ஆல்பர்ட்டில் ஒரு ஹாலைப் பிடித்து, சனிக்கிழமை காலை ஒரு பட்டறைக்கு ஏற்பாடு செய்திருந்தார். சிவி, இன்டர்வியூ எல்லாம் அவர் பொறுப்பு. தொடக்கம் வைஷாலியுடையது.

வைஷாலி ஒரு வாரம் அதையே நினைத்துக்கொண்டிருந்தாள். கடைசியில் நாலு மூலை விளையாட்டு என்று முடிவு செய்தாள். ஹாலின் நாலு மூலையிலும் ஒவ்வொரு தாள் ஒட்ட வேண்டும். 'படித்த துறையிலேயே வேலை', 'வேறு துறையில் வேலை', 'படிக்கிறேன்', 'வேலை தேடுகிறேன்.' அவரவர் தனக்குரிய மூலைக்குப் போய் நின்று, பக்கத்தில் நிற்பவரோடு இரண்டு நிமிடம் பேச வேண்டும். பிறகு மூலைக்கு ஒருவர் ஒரு வாக்கியம் சொன்னால், அதைப் பிடித்துக்கொண்டு நேராகப் பாடத்துக்குள் போய்விடலாம். நாற்காலியை நகர்த்த வேண்டாம், பொருள் எதுவும் வேண்டாம், தலைப்போடும் பொருந்துகிறது. காகிதத்தில் பார்த்தால் குறை சொல்ல இடமே இல்லை.

போனில் கேட்ட மாலினி அக்காதான் இழுத்தார்.

"வைஷாலி, இது வேண்டாமெண்டு நினைக்கிறன். வீட்டிலயே வாய் திறந்து சொல்லாத விசயத்தை, முன்பின் தெரியாத சனத்துக்கு முன்னால வந்து ஆர் சொல்லுவினம்?"

"சொல்லவே வேணாம்கா. போய் நின்னா போதும்."

"போய் நிக்கிறது சொல்லுறதை விடக் கஷ்டம். முதல் அஞ்சு நிமிசத்தில லேசானதாக் கேளும். இண்டைக்கு வரேக்க வழியில என்னத்தைக் கண்டனீங்கள் எண்டு பக்கத்தில இருக்கிற ஆளிட்டக் கேக்கச் சொல்லும். ஆருக்கும் நட்டமில்லை, எல்லாரும் வாய் திறப்பினம்."

அது சின்னப் பிள்ளைகளுக்கான விளையாட்டு என்று வைஷாலிக்குத் தோன்றியது. "இத நான் பத்து தடவை நடத்தியிருக்கேன்கா, கவலைப்படாதீங்க" என்று வைத்துவிட்டாள். நடத்தியது உண்மைதான். அங்கே கேட்டது உனக்கு டீயா காபியா, கடலா மலையா என்று. அந்த வித்தியாசம் அவளுக்கு உறைக்கவில்லை.

இத்தனையும் பேசும்போது, சமையலறையில் நின்று பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்தவன் அவள் கணவன் பிரசாத். மென்பொருள் சோதிக்கும் வேலையில் இருந்தவன். நாலு மாதத்துக்கு முன்னால் அவனுடைய டீமையே கலைத்துவிட்டார்கள். அவர்கள் குடியிருக்கும் கிளென்ஃபீல்டில் பழகும் தமிழ்க் குடும்பங்களுக்கு இது தெரியாது. யாராவது கேட்டால் "அவருக்கு வொர்க் ஃப்ரம் ஹோம்" என்று வைஷாலி முந்திக்கொண்டு சொல்லிவிடுவாள். பிரசாத் பக்கத்திலேயே நிற்பான், மறுத்ததில்லை. 'வேலை தேடுகிறேன்' என்று பெரிய எழுத்தில் அந்தத் தாளை எழுதும்போதுகூட, எதிரே உட்கார்ந்திருப்பவனைப் பற்றித்தான் எழுதுகிறோம் என்று அவளுக்குத் தோன்றவில்லை. எழுத்து கோணலில்லாமல் வந்ததா என்று அவனிடமே தூக்கிக் காட்டினாள்.

"நல்லா இருக்கு" என்றான் அவன்.

சனிக்கிழமை அவன்தான் கார் ஓட்டினான். துறைமுகப் பாலம் தாண்டி மவுண்ட் ஆல்பர்ட் வரைக்கும் வைஷாலி போனில் ஸ்டாப்வாட்சை ஓடவிட்டு ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தாள். விதிமுறை சொல்ல அரை நிமிடம், நகர ஒரு நிமிடம். இறங்கும்போது, "நீங்க கார்லயே இருங்க. உள்ள வந்தா எல்லாரும் ஏதாவது கேப்பாங்க" என்றாள். சரி என்றான்.

ஹாலில் இருபது இருபத்தைந்து பேர். பெரும்பாலும் தமிழ்நாட்டுக்காரர்கள், நாலைந்து மலேசியத் தமிழர்கள். வைஷாலி நல்ல குரலில் வணக்கம் சொல்லி, விதிமுறையை ஒரே மூச்சில் சொல்லி, தானே முதலில் நடந்து காட்டினாள். நடத்துகிறவர் செய்து காட்டினால்தான் மற்றவர்களுக்குக் கூச்சம் போகும் என்பது அவள் தொழிலில் பாலபாடம். அவள் போய் நின்றது 'படித்த துறையிலேயே வேலை' என்ற மூலையில். நின்றுகொண்டு, "ம், வாங்க!" என்று கைதட்டினாள்.

யாரும் அசையவில்லை. பிறகு ஒரு பையன் 'படிக்கிறேன்' பக்கம் போனான். அவன் பின்னால் பத்துப் பேர் போனார்கள். அதில் பாதிப் பேருக்குத் தலை நரைத்திருந்தது. மற்றவர்களில் பலர் 'வேறு துறை'யில் நெருக்கியடித்து நின்றார்கள். சிலர் நடு ஹாலிலேயே நின்று போனைப் பார்த்தார்கள். நல்லசாமி என்று சட்டையில் பெயர் ஒட்டியிருந்த ஒரு நாற்பது வயதுக்காரர் இரண்டு அடி வைப்பதும், திரும்பிப் பார்ப்பதும், மறுபடி பழைய இடத்துக்கே வருவதுமாக இருந்தார். 'வேலை தேடுகிறேன்' மூலையில் ஈ காக்கைகூட இல்லை.

வைஷாலி போனைப் பார்த்தாள். நேரம் ஓடிக்கொண்டிருந்தது. கலகலப்பாக்கலாம் என்று நினைத்து, "என்னங்க, ஒருத்தர்கூட வேலை தேடலையா? அப்புறம் எதுக்கு இங்க வந்தீங்க?" என்று சிரித்தாள்.

ஒருவரும் சிரிக்கவில்லை. நல்லசாமி தலையைக் குனிந்துகொண்டார். சொன்ன வாய்க்குள்ளேயே அந்த வார்த்தையைத் திருப்பித் தள்ள முடிந்தால் தள்ளியிருப்பாள். கதவோரம் நின்ற மாலினி அக்கா கண்ணை மூடித் திறந்தார்.

அப்போதுதான் கதவைத் திறந்துகொண்டு பிரசாத் வந்தான். கையில் அவள் காரில் மறந்துவிட்ட மார்க்கர் பை. பையை மேசைமேல் வைத்தான். நாலு மூலையையும் பார்த்தான், நடுவில் நிற்பவர்களைப் பார்த்தான், அவளையும் ஒரு தரம் பார்த்தான். பிறகு நேராக நடந்துபோய் அந்தக் காலி மூலையில், அவள் கோணலில்லாமல் எழுதிய தாளுக்குக் கீழே நின்றான்.

வைஷாலிக்கு முதலில் வந்தது கோபம். இதை மறைக்கக் கூடாது. அவன்மேல் இரக்கமோ பெருமையோ வரவில்லை, 'மானத்தை வாங்கிட்டானே' என்றுதான் வந்தது.

"நான் டெஸ்டிங்ல இருந்தேன்" என்று பிரசாத் பொதுவாகச் சொன்னான். "நாலு மாசமா தேடிட்டு இருக்கேன்."

நல்லசாமி விடுவிடுவென்று போய் அவன் பக்கத்தில் நின்றார். "நான் எட்டு மாசம் தம்பி" என்றார். அவருக்குப் பின்னால் ஒரு பெண், அப்புறம் இரண்டு பேர், அப்புறம் 'படிக்கிறேன்' மூலையிலிருந்து நரைத்த தலைகள் எல்லாம். சற்று நேரத்தில் அந்த மூலை நிரம்பி வழிந்தது. எந்தக் கம்பெனி, எத்தனை இன்டர்வியூ, பதிலே போடாத ஏஜென்ட் யார் என்று ஒரே பேச்சு. எந்தப் பட்டறையிலும் வைஷாலி இப்படி ஒரு சத்தம் கேட்டதில்லை.

மாலினி அக்கா பக்கத்தில் வந்தார். "உம்மட அவர் வந்து நிண்டது நீங்கள் முன்னமே கதைச்சு வச்சதோ?" என்று மெதுவாகத்தான் கேட்டார். ஆனால் அருகில் நின்ற ஒரு பெண் காதில் விழுந்துவிட்டது. "ஓ, அவங்க உங்க ஹஸ்பெண்டா மேடம்?" என்று அவள் வாயெல்லாம் பல்லாகக் கேட்க, ஹால் முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

ஒரு நொடிதான். அந்த ஒரு நொடியில் கிளென்ஃபீல்டுக் குடும்பங்கள் அத்தனையும் அவள் கண்முன் வந்து போயின.

"ஆமா" என்று சிரித்தாள் வைஷாலி. "நாங்க ஏற்பாடு பண்ணதுதான். யாராவது ஒருத்தர் முதல்ல போகணும் இல்லையா? அவருக்கு வேலை இருக்கு, கவலைப்படாதீங்க."

சிலர் கைதட்டினார்கள். "நல்ல ஐடியா மேடம்" என்றது ஒரு குரல். பிரசாத்தும் லேசாகச் சிரித்து, ஆமாம் என்பதுபோல் தலையை ஆட்டினான். நாலு மாதமாகப் பழகிய தலையாட்டல் அது.

நல்லசாமி கைதட்டவில்லை. பிரசாத்தின் தோளில் போட்டிருந்த கையை எடுத்துக்கொண்டார். "அப்ப தம்பிக்கு வேலை இருக்குதா?" என்றார். பிறகு யாரையும் பார்க்காமல் அந்த மூலையை விட்டு விலகி, சுவரோரமாகப் போய் நின்றார். அவரைப் பார்த்து இன்னொருவர். பேச்சுச் சத்தம் அப்படியே இறங்கிப்போனது. ஏமாற்றி அழைத்துவந்து நிறுத்திவைத்தது போலத்தான் அவர்கள் நின்றார்கள்.

வைஷாலிக்குக் காது மடலெல்லாம் எரிந்தது. கட்டிய கணவனை ஊருக்கு முன் மறைத்தது போதாதென்று, நம்பி வந்து நின்ற மனுஷரையும் நடு ஹாலில் முட்டாளாக்கியாகிவிட்டது. தன் மூலையிலேயே நின்றுகொண்டு இதைச் சரிசெய்ய முடியாது என்று தெரிந்தது. ஹாலைக் குறுக்காகக் கடந்தாள்.

"நான் பொய் சொல்லிட்டேன்" என்றாள் நல்லசாமியிடம். எல்லோருக்கும் கேட்டது. "ஏற்பாடெல்லாம் ஒண்ணுமில்ல. அவருக்கு நிஜமாவே வேலை போயிடுச்சு. நான்தான் யார்கிட்டயும் சொல்லாம வச்சிருந்தேன். எனக்கு வெக்கமா இருந்துச்சு."

யாரும் கைதட்டவில்லை. நல்லசாமி அவளை ஒரு கணம் பார்த்தார். "பரவால்லீங்க மேடம்" என்றார், பிரசாத் பக்கத்தில் போய் மறுபடி நின்றார். அவர் திட்டியிருந்தால்கூட அந்தப் 'பரவால்லீங்க' அளவுக்கு அவளைச் சுட்டிருக்காது. போனில் ஸ்டாப்வாட்ச் ஐந்து நிமிடத்தை எப்போதோ தாண்டி ஓடிக்கொண்டிருந்தது.

மிச்சப் பட்டறையை மாலினி அக்காதான் நடத்தினார். நன்றாகவே நடந்தது. தேநீர் நேரத்தில் பிரசாத்தைச் சுற்றி ஐந்தாறு பேர் நின்றார்கள். வைஷாலி நாலு மூலைத் தாள்களையும் உரித்து மடித்தாள்.

"அடுத்த மாசமும் நீர்தான் தொடங்கிறீர்" என்றார் மாலினி அக்கா, கப்பைக் கழுவிக்கொண்டே.

"இனிமே என்னையா கூப்பிடுவீங்க அக்கா?"

"ஓம். ஆனா நான் சொன்னதைச் செய்யும்."

திரும்பும்போதும் பிரசாத்தே ஓட்டினான். மன்னிப்புக் கேட்க வைஷாலி வாயெடுத்து வாயெடுத்து, ஒவ்வொரு தடவையும் அது ரொம்பச் சின்னதாகத் தெரிந்து விழுங்கிவிட்டாள். பாலத்தின்மேல் வண்டி ஏறும்போது, வேறு வழி தெரியாமல், மாலினி அக்காவின் கேள்வியையே எடுத்தாள்.

"காலைல வரும்போது வழியில என்ன பார்த்தீங்க?"

"உன்னைத்தான் பார்த்துட்டு வந்தேன்" என்றான். "வழியெல்லாம் எல்லாரையும் எப்படிப் பேச வைக்கலாம்னு பேசிட்டே வந்த. ஒரு தடவைகூட இந்தப் பக்கம் திரும்பல."

அவன் குரலில் கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பாள். இல்லை. வைஷாலி அவன் பக்கம் திரும்பினாள். கிளென்ஃபீல்ட் வரும்வரைக்கும் அப்படியே அவனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.