இராசநாயகத்தின் வாய்

தர்மிகன் தன் முன்கையில் செத்துப்போன அப்பா இராசநாயகத்தின் முகத்தைப் பச்சை குத்தப் போகிறான் என்றதும் அம்மா வள்ளிநாயகி அழவுமில்லை, தடுக்கவுமில்லை. ஒரு நிபந்தனை மட்டும் வைத்தாள்.

"பாக்கிற சனம் கேளாமலே இது இராசநாயகம் எண்டு சொல்லவேணும். இல்லையெண்டால் ஊசி உன்ரை தோலிலை படப்படாது. ஆரோ ஒருத்தனைக் கையிலை சுமந்துகொண்டு கட்டாருக்குப் போகாதை."

ஞாயிற்றுக்கிழமை கட்டாருக்கு வேலைக்குப் போக விமானம். அதற்குள் முடிக்காவிட்டால் அப்பா ஊரோடு நின்றுவிடுவார். திரும்பி வர எத்தனை வருடம் என்று அவனுக்கே தெரியாது. ஆகவே வீட்டில் சட்டம் போட்டு மாட்டியிருந்த ஒரே படத்தைத் தொலைபேசியில் பிடித்து, ஏதோ ஒரு செயலியில் ஒரு தட்டுத் தட்டிக் கோட்டுப்படமாக்கி, அம்மாவையும் ஏற்றிக்கொண்டு துறைமுக வீதிக்கு வந்தான். அங்கே தொலைபேசிக் கடையின் மாடியில் லக்சாயினி பச்சை குத்துகிறாள்.

லக்சாயினி படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள்.

"அண்ணை, இதிலை டை வடிவா வந்திருக்கு. கோட் பொத்தானும் வந்திருக்கு. முகம்தான் வரேல்லை."

உண்மை. டையின் முடிச்சு வரைக்கும் துல்லியம். அதற்குமேல் ஒரு முட்டை, முட்டையில் இரண்டு புள்ளி.

"இது ஆர், பாங்க் மனேஜரோ?" என்றாள் வள்ளிநாயகி.

பிழை செயலியுடையதல்ல. அப்பாவின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு அச்சடிக்கும் கல்வெட்டுப் புத்தகத்துக்குப் படம் கேட்டபோது, வாழ்நாள் முழுக்கச் இடுப்பில் கட்டிய சாரத்தோடு கடலுக்குப் போன மனிதரின் அடையாள அட்டைப் படத்துக்கு ஸ்டூடியோக்காரன் கோட் மாட்டி, சுருக்கம், தழும்பு, வெயில் கறுப்பு எல்லாவற்றையும் வழித்துத் துடைத்து, மாப்பிள்ளைபோல வெளுப்பாக்கித் தந்திருந்தான். அப்போது எல்லோரும் நல்ல வடிவு என்று சொன்னார்கள்.

"கோடு எங்கை வரும் எண்டால், வெளிச்சமும் நிழலும் முட்டுற இடத்திலை," என்றாள் லக்சாயினி. "இந்த முகத்திலை நிழலே இல்லை. நான் என்னத்தைக் கீறிறது? பவுடர் போட்ட படம் ஏலாது. வெயிலிலை எடுத்த படம் இல்லையோ?"

இல்லை. இராசநாயகம் படம் எடுக்க வந்தவனைத் துடுப்பால் விரட்டிய ஆள். தர்மிகன் அப்பாவோடு ஒரே வள்ளத்தில் போன றுவைசுக்குத் தொலைபேசி அடித்துக் கேட்டான்.

"ஒண்டு கிடக்கு மச்சான்," என்றான் றுவைஸ். "அனுப்பேலாது. உங்கட வாப்பா என்னைத் தூஷணத்தால ஏசக்குள்ள எடுத்தது. வலையச் சிக்க வச்சிட்டன் எண்டு."

"அனுப்படா!"

படம் வந்தது. வள்ளங்கள் கட்டும் ஜெட்டித் துறையடி, பின்னேர வெயில் ஒரு பக்கமாக அடிக்கிறது. ஒரு கண் சுருங்கி, நெற்றி மடிந்து, வாய் அகலத் திறந்து, மேல்வரிசையில் ஒரு பல் இல்லாமல் இராசநாயகம்.

"இது முகம்," என்றாள் லக்சாயினி.

அவள் படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கினாள், நிழலை அழுத்தினாள், பிறகு மங்கலாக்கி அதன்மேல் திரையிலேயே கண்ணாடித்தாள்போல ஒரு படலம் வைத்து, மின்பேனையால் கீறத் தொடங்கினாள். தர்மிகன் பக்கத்தில் நின்று தொணதொணத்தான்.

"தங்கச்சி, தாடி மயிரையும் போடுங்கோவன். கழுத்துச் சுருக்கத்தையும்."

"போட்டால் கொஞ்ச வருசத்திலை மை பரந்து ஒண்டோடையொண்டு ஒட்டிப்போம். பிறகு அப்பா இல்லை, தேங்காய்ப் பொச்சுமட்டை."

புருவம், சுருங்கிய கண், மூக்கின் ஒரு பக்கம், கன்னத்து மடிப்பு, வாய். அடியிலிருந்த படத்தை மறைத்தபோது சில கோடுகள்தான் மிஞ்சின. வாயில் வந்ததும் அவள் பேனை நின்றது.

"அண்ணை, வாயை மட்டும் மூடி விடுவமோ? மரியாதையா இருக்கும்."

தர்மிகனுக்கும் அது சரியென்று பட்டது. கட்டாரில் முதலாளிக்கு முன்னால் கை நீட்டும்போது அப்பா தூஷணம் சொல்லிக்கொண்டு நிற்பது நல்லதல்ல. ஓம் என்றான்.

அவள் உதட்டை மூடி, ஸ்டென்சில் தாளில் அச்செடுத்து, மழித்த கையில் திரவம் பூசி ஒட்டி உரித்தாள். ஊதாக் கோடுகள் தோலில் நின்றன. வள்ளிநாயகி மகனின் கையைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினாள்.

"ஆரோ கோயில் தர்மகர்த்தா," என்று கையை விட்டாள்.

லக்சாயினி கையைப் பஞ்சால் துடைத்தாள். திரையில் உதட்டை அழித்து, திறந்த வாயைக் கீறி, பல் இல்லாத இடத்தை வெறுமையாகவே விட்டு, மறுபடி அச்செடுத்து ஒட்டினாள்.

இம்முறை வள்ளிநாயகி கையைப் பிடிக்கவில்லை. இரண்டடி பின்னால் போய்ச் சேலைத் தலைப்பை இடுப்பில் செருகினாள்.

"என்ன பார்வை? சோறு இன்னும் அவியேல்லை. விறகு ஈரமெண்டு காலமையே சொன்னனான். கத்தினால் வெந்திடுமோ?"

பிறகுதான், மகனின் கையிலிருந்த முகத்தோடு கதைத்துக்கொண்டிருப்பது அவளுக்கு உறைத்தது. லக்சாயினி சிரிப்பை அடக்க முடியாமல் சுவரைப் பார்த்தாள்.

"அம்மா, அப்ப குத்தட்டோ?" என்றான் தர்மிகன்.

வள்ளிநாயகி கதிரையை இழுத்து, அந்த முகத்துக்கு நேரெதிரே போட்டு இருந்தாள்.

"குத்து பிள்ளை. நான் இதிலை இருக்கிறன். எனக்கு இன்னும் கதை முடியேல்லை."