தீட்டாத அரிசியின் வாடை

திருப்பரங்குன்றத்தில் மெஸ் நடத்தும் ரோகிணி, ஒரு பை அரிசியோடு கருப்புவின் அரிசிக் கடைக்குள் நுழைந்தாள். சர்க்கரை நோயுள்ள கணவர் அசோக்குமாருக்காகச் சித்திரையில் அங்கே வாங்கிய தீட்டாத அரிசி மூட்டையில் மீந்தது அது. ஆவணியில் நாறியது. கருப்பு கெட்டுப்போன சரக்கைத் தன் தலையில் கட்டிவிட்டார் என்று நம்பினாள்.

"மோந்து பாருங்கண்ணே. இதான் நல்ல அரிசியா?"

கருப்பு முகர்ந்தார். "எண்ணெய் சிக்கு வாடை அடிக்குது. இம்புட்டு நாளா ஏம்மா வச்சிருந்த?"

"மெஸ்ஸுக்கு உங்ககிட்ட எடுக்குற பொன்னி ஒரு வருசப் பழசுதானே? பழசானா சோறு குழையாது, நல்லா உதிரியா வரும்னு நீங்கதானே சொன்னீங்க!"

"அது நல்லாத் தீட்டுன புழுங்கல்மா. இது தீட்டாதது. தவிடு ஒட்டியிருக்கு, தவிட்டுல எண்ணெய் இருக்கு. ரெண்டு மாசத்துக்கு மேல தாங்காது."

ரோகிணி நம்பவில்லை. தப்பிக்கப் பார்க்கிறார் என்றே நினைத்தாள். கடையிலிருந்த பழைய பொன்னி மூட்டையில் கையை விட்டு முகர்ந்தாள், வாடையே இல்லை. போன வாரம் வந்த தீட்டாத அரிசியிலும் இல்லை. நான்கு மாதம் அவள் வீட்டில் கிடந்த அரிசி மட்டுமே நாறியது.

அவள் குரல் இறங்கியது. "பதினஞ்சு நாளா அவர் சோறு நாறுதுன்னாரு. வெள்ளைச் சோத்துக்கு ஆசப்பட்டுப் பொய் சொல்றாருன்னு வஞ்சுட்டேன்."

கருப்பு சிரிக்கவில்லை. "மாசத்துக்கு ஆகுறத மட்டும் வாங்கு."

போன வாரம் வந்ததில் ஐந்து கிலோ வாங்கினாள். படியிறங்கியதும் பையைப் பிரித்து, இன்னொரு முறை முகர்ந்து பார்த்துக்கொண்டாள்.